பிரிக்காமல் கிடக்கும் வங்கி உறை: பயந்த கடிதத்தை ஏன் தள்ளிப்போடுகிறோம்?

தோப்புவீட்டு மருமகள் (கொழிஞ்சாம்பாறை) · ஜூன் 24

எல்லாருக்கும் வணக்கமுங்க. மாமனார் பேருக்கு ஜூன் 3ஆம் தேதி வங்கியிலிருந்து ஒரு கனத்த உறை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினதும் அவரேதான். இன்றோடு மூன்று வாரம் ஆகிறது, இன்னும் பிரிக்கவில்லை. முதலில் காலண்டருக்குப் பின்னால் இருந்தது, பிறகு அரிசி டிரம் மேலே போனது, இப்போது பீரோவில் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. தூக்கிப் போடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

மனிதர் சோம்பேறி கிடையாது. கரண்ட் பில்லை ஒரு நாள் தாமதிக்க மாட்டார், தேங்காய்க் கணக்கு பைசா சுத்தமாக எழுதுவார். இந்த ஒரு உறை விஷயத்தில் மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம் கண்ணு" என்கிறார். எதற்காக இப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் மனம் நோகாமல் பிரிக்க வைக்க வழி உண்டா?

ஆற்றங்கரை (சித்தூர்) · ஜூன் 24

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? இன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்து நீங்களே வெட்டிப் பிரித்துவிடுங்கள். பயம் என்பதெல்லாம் பிரிக்கிற வரைக்கும்தான். இன்னொரு விஷயம், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருந்தால் நோட்டீஸே செல்லாமல் போயிருக்கும். இனிமேல் வந்தால் வாங்காதீர்கள்.

மீனாட்சிபுரம் மொபைல்ஸ் · ஜூன் 24

பயமுறுத்துகிற மெசேஜைப் பிரிக்காமல் விட்டதே நல்லது! "இன்று இரவு 9.30க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்" என்று வருவதை நம்பி அழைத்துப் பணம் இழந்தவர்கள் நிறையப் பேர். லிங்க்கைத் தொடவே கூடாது. சந்தேகம் இருந்தால் பில்லில் இருக்கும் 13 இலக்க கன்ஸ்யூமர் நம்பரை வைத்துக்கொண்டு 1912க்கு நீங்களே போன் பண்ணிக் கேளுங்கள்.

தோப்புவீட்டு மருமகள் · ஜூன் 24

அண்ணா, இது போன் மெசேஜ் இல்லை. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த உறை. கூடவே ஒரு மஞ்சள் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மீனாட்சிபுரம் மொபைல்ஸ் · ஜூன் 24

சரி, நான்தான் தவறாகப் படித்துவிட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏமாற்றுகிறவன் "இப்போதே, இந்த நிமிடமே" என்று அவசரப்படுத்துவான். உண்மையான நோட்டீஸ் சத்தம் போடாது, தேதியைப் போட்டுவிட்டுப் பேசாமல் கிடக்கும். பயந்த ஆள் முதலாவதைப் பதறிப் பிரிக்கிறார், இரண்டாவதைப் பீரோவில் வைக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் இதைத் தினமும் பார்க்கிறேன்.

வேலந்தாவளம் ஆலோசகர் · ஜூன் 25

தங்கச்சி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. உறை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான அடையாளம். சோம்பலால் பிரிக்காத உறை விழுந்த இடத்திலேயே தூசி பிடித்துக் கிடக்கும். பயத்தால் பிரிக்காத உறையைக் கை தொட்டுக்கொண்டே இருக்கும். கண்ணில் படும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும், அதை அடக்க ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். அதிலிருந்து விலகி இருப்பதற்கே அவர் தினமும் உழைத்துக்கொண்டிருக்கிறார்.

இது எப்படி வேரூன்றுகிறது என்று சொல்கிறேன். உறையைப் பார்த்ததும் பயம் ஏறுகிறது. "நாளைக்கு" என்று சொல்லி வைத்த அந்த நொடியில் பயம் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம் ஒரு பரிசு. தள்ளி வைத்தால் நிம்மதி என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. மூன்று வாரத்தில் இருபது முறை தள்ளி வைத்திருந்தால் இருபது முறை அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறார் என்று பொருள். பிரித்தால் என்ன ஆகும் என்று கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்புகூட அமையவில்லை. அதனால் முதல் நாளைவிட இன்று பிரிப்பது கடினம். உள்ளே இருக்கிற தொகை ஒன்றேதான் என்றாலும், "இத்தனை நாள் பார்க்காமல் விட்டுவிட்டாயே" என்று யாராவது கேட்பார்களோ என்ற வெட்கமும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும்.

ஆற்றங்கரை அண்ணன் சொன்னதில் ஒரு பாதி சரி. பெரும்பாலானவர்களுக்குப் பயத்தின் உச்சம் பிரிப்பதற்குச் சற்று முன்னால்தான் இருக்கும், படித்து முடித்த பிறகு இல்லை. 2016இல் லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் கல்லைப் புரட்ட வேண்டும், அடியில் பாம்பு இருந்தால் கையில் மின் அதிர்ச்சி விழும். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது ஆட்களுக்கு இருந்த பதற்றத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோது இருந்த பதற்றம்தான் அதிகம். கெட்ட செய்தியைக்கூடத் தாங்கிக்கொள்கிறோம், கெட்டதா இல்லையா என்ற ஊசலாட்டத்தைத் தாங்குவது கடினம். பிரிக்காத உறை அந்த ஊசலாட்டத்தை நாள் கணக்கில் நீட்டிக்கொண்டே போகிறது.

ஆனால் "நீங்களே வெட்டிப் பிரித்துவிடுங்கள்" என்றது சரியில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோவிந்தாபுரம் ஓய்வு (வங்கிக் கடன் பிரிவில் இருந்தவர்) · ஜூன் 25

கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினால் நோட்டீஸ் செல்லாது என்பது தவறுங்க. இந்த நம்பிக்கையால் வீடு இழந்தவர்கள் உண்டு. சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போன கடிதத்தை வாங்க மறுத்தால், அது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வீட்டில் ஆள் இல்லை என்று சீட்டு வைத்துவிட்டுப் போனால் தபால் நிலையத்தில் ஒரு வாரம் போல வைத்திருந்து, "கேட்டு வாங்கவில்லை" என்று எழுதித் திருப்புவார்கள். அதற்கும் பெரும்பாலும் அதே கதிதான். செக் திரும்பிய வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கு கேரளத்திலிருந்து போனதுதான். பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். உறையின் மேல் எழுத்து மாறியிருக்கும், இந்த விதி மாறவில்லை.

ஆகவே தங்கச்சி, உங்கள் மாமனார் கையெழுத்துப் போட்டது நல்லதற்குத்தான். ஜூன் 3 என்ற தேதி உறுதியாகத் தெரிகிறது. வாங்காமல் விட்டிருந்தால் நாள் ஓடிக்கொண்டிருக்கும், எப்போது தொடங்கியது என்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

கடனுக்கு வீட்டையோ நிலத்தையோ ஈடாக வைத்திருந்தால், அந்த உறை, கடன் தவறினால் ஈட்டை வங்கியே எடுத்துக்கொள்ள இடம் தரும் சர்பேசி சட்டத்தின் 13(2) நோட்டீஸாக இருக்கலாம். அப்படி இருந்தால் 60 நாள் அவகாசம். ஜூன் 3இலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 2 வரை. இதில் 22 நாள் பீரோவில் கழிந்துவிட்டது.

ஆற்றங்கரை · ஜூன் 25

தபால் விஷயத்தில் நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன், தவறென்றால் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்குப் புரியவில்லை. தொகை எவ்வளவு என்று கடன் வாங்கியவருக்குத் தெரியாதா? தெரிந்த தொகையைப் பார்க்க என்ன பயம்?

வேலந்தாவளம் ஆலோசகர் · ஜூன் 25

நல்ல கேள்வி அண்ணா. பெரும்பாலானவர்களுக்குத் தோராயமாகத் தெரியும். அவர்கள் தள்ளிப்போடுவது தொகையை அல்ல, அதற்குப் பிறகு வருவதை. பிரிக்காத வரைக்கும் அவர் "இன்னும் பார்க்காதவர்". பிரித்துவிட்டால் "தெரிந்துகொண்டு சும்மா இருப்பவர்" ஆகிவிடுவார். மகனிடம் சொல்ல வேண்டும், மனைவியின் நகையைப் பற்றிப் பேச வேண்டும், வங்கிக்குப் போய் மேனேஜர் முன்னால் நிற்க வேண்டும். உறை மூடியிருக்கிற வரை இது ஒன்றும் தொடங்கவில்லை.

கடனில் இல்லாதவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். 2009இல் கார்ல்சன், லோவன்ஸ்டைன், செப்பி என்ற மூவர் முதலீட்டாளர்களின் கணக்குப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பங்குச் சந்தை ஏறிய நாள்களில் கணக்கை எட்டிப் பார்க்கிறவர்கள் அதிகம், இறங்கிய நாள்களில் குறைவு. சந்தை இறங்கியது அவர்களுக்குத் தெரியும். தெரிந்த செய்தி தன் பெயருக்கு நேராக எழுதியிருப்பதைத்தான் அவர்கள் பார்க்க விரும்பவில்லை. உங்கள் மாமனார் கரண்ட் பில்லை உடனே கட்டுவதற்கும் காரணம் இதுதான், தங்கச்சி. அதைப் பார்த்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதற்குக் கையில் பணமும் இருக்கிறது. பார்த்த பிறகு என்ன செய்வதென்று தெரியாத கடிதம்தான் பீரோவுக்குப் போகிறது.

இருமொழி வாத்தியார் (எருத்தேம்பதி) · ஜூன் 25

இந்தக் கேரள எல்லைப் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. கடிதம் பாதி ஆங்கிலம், பாதி மலையாளம். நம்மில் வயதானவர்கள் மலையாளம் பேசுவார்கள், எழுத்துக்கூட்டியும் படிப்பார்கள். ஆனால் படித்த சொல் தமிழ்க் காதில் வேறு பொருளில் விழும்.

மலையாள நோட்டீஸில் "கைப்பற்றி 60 நாளுக்குள்" என்று ஒரு வாசகம் வரும். அவர்கள் மொழியில் கைப்பற்றுதல் என்றால் பெற்றுக்கொள்வது, அவ்வளவுதான். "இந்த நோட்டீஸ் கிடைத்த 60 நாளுக்குள்" என்று அர்த்தம். தமிழ்க்காரர் காதில் அது "வீட்டைக் கைப்பற்றி" என்று விழும். "அவதி" என்றால் அங்கே கெடு, தவணை நாள். நமக்கு அவதி என்றாலே துன்பம். "ஜாம்யக்காரன்" என்றால் கடனுக்குப் பொறுப்பேற்ற ஆள், நம்மவர் ஜாமீன் என்று படித்து ஜெயிலை நினைத்துக்கொள்வார். தலைகீழாகவும் நடக்கும். "பாத்யத" என்று இருந்தால் நமக்குப் பாத்தியதை, அதாவது உரிமை என்று படும். அங்கே அதற்குப் பொருள் கட்ட வேண்டிய பொறுப்பு. ஆக ஒரே பக்கத்தில் இல்லாத ஆபத்தும் தெரியும், இருக்கிற ஆபத்து மறைந்தும் போகும். முன்னொரு முறை இப்படிப் படித்துக் குழம்பியவர் அடுத்த உறையைப் பிரிக்க அஞ்சினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

பதில் எழுதுவதற்கு மொழி தடையில்லை. அரசு அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவைத் தமிழிலேயே எழுதலாம், அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வங்கிக்கு எழுதும்போது மட்டும் ஆங்கிலத்தில் ஒரு படி சேர்த்து வையுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

நாட்டுக்கல் 77 · ஜூன் 25

என்னிடமும் ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக வந்து ஒன்பது நாள். பக்கத்தில் அந்தப் பச்சை எண் தெரிய வேண்டாம் என்று ஆர்க்கைவில் போட்டுவிட்டேன். இதுவும் அதே நோய்தானா? சில பேர் தெரியாமல் இருப்பதே நல்லது என்கிறார்களே?

வேலந்தாவளம் ஆலோசகர் · ஜூன் 25

நோய் என்று சொல்ல வேண்டாம், எல்லாரிடமும் இருக்கிற பழக்கம் அளவு கூடியிருக்கிறது. தெரியாமல் இருப்பது சில இடங்களில் நியாயமான முடிவுதான். ஹண்டிங்டன் என்றொரு பரம்பரை நரம்பு நோய் இருக்கிறது, குணப்படுத்த மருந்து கிடையாது. அது வரக்கூடிய குடும்பங்களில் பிறந்தவர்களில் முன்கூட்டியே சோதனை செய்துகொள்பவர்கள் சிறுபான்மைதான். அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது ஒரே கேள்வி. தாமதித்தால் கையில் இருக்கிற வழி ஏதாவது அடைபடுமா? அடைபடும் என்றால் பிரித்தாக வேண்டும். உங்கள் ரிசல்ட்டில் சர்க்கரையோ தைராய்டோ எதுவாக இருந்தாலும் மருத்துவம் உண்டு. முதலில் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள், பிறகு அவர் முன்னால் பிரியுங்கள். வரிசையை மாற்றினால் போதும். பார்த்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு முன்பே பதில் இருந்தால், பார்ப்பது பாதி சுலபமாகிவிடும்.

தோப்புவீட்டு மருமகள் · ஜூன் 25

எங்களுக்கும் அதே முறை சரிவருமா? என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

வேலந்தாவளம் ஆலோசகர் · ஜூன் 25

வரும். முதலில் நேரம். வேலை நாளில் காலை பத்து மணி நல்லது. பிரித்த கையோடு வங்கிக்கோ தெரிந்தவருக்கோ போன் பண்ணலாம். சனிக்கிழமை சாயங்காலம் பிரித்தால் திங்கள் வரை கற்பனை ஓடும், தூக்கம் போய்விடும். மாமனாரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், திடீரென்று உறையைக் கொண்டுவந்து நீட்ட வேண்டாம். "நாளைக் காலையில் பிரிப்போம் மாமா, கால் மணி நேரம்தான். எந்த முடிவும் நாளைக்கு எடுக்க வேண்டாம்." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவர் பயப்படுவது பிரித்த பிறகு வரும் முடிவுகளுக்கு. பிரிப்பதையும் முடிவையும் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பிரித்து வைத்தால் கை நீளும்.

அவர் கையாலேயே பிரிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், உறையைக் கிழித்து எறியாதீர்கள், தபால் முத்திரை பின்னால் தேவைப்படும். முதல் அமர்வில் மூன்றே மூன்றைத் தேடுங்கள்: யார் அனுப்பியது, கடிதத் தேதி என்ன, எந்த நாளுக்குள் என்ன கேட்கிறார்கள். அதை அவரே ஒரு தாளில் எழுதட்டும். மற்றதெல்லாம் மறுநாள்.

தவறுகிற இடம் ஒன்று உண்டு. பாதி பிரித்து, தொகை கண்ணில் பட்டு, நெஞ்சு அடைத்து, "போதும்" என்று மூடிவிடுவார்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது மூடினால் பழைய பாடம் இன்னொரு தடவை பலமாகப் பதிந்துவிடும், அடுத்த முறை உறையைத் தொடவே முடியாது. அதனால் படிக்க முடியாவிட்டாலும் எழுந்து போக வேண்டாம், கடிதத்தை மேஜையில் விரித்து வைத்தபடியே டீ குடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் படபடப்பு தானாக இறங்கும். இறங்கிய பிறகு மடித்து வைக்கலாம். மேஜைக்கு எடுத்துவரவே முடியவில்லை என்றால், முதல் நாள் மூடிய உறையை மேஜை மேல் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்காருவதே போதுமானது.

இப்போது ஆற்றங்கரை அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். தங்கச்சி, நீங்களே பிரித்து, படித்து, "பெரிதாக ஒன்றுமில்லை மாமா" என்று சொன்னால் அவருக்கு அந்த நிமிடம் நிம்மதி கிடைக்கும். ஆனால் அடுத்த உறைக்கும் நீங்கள்தான் வேண்டும். நீங்கள் மென்று முழுங்கிச் சொல்வதை அவர் உங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தும் விடுவார்.

ஆற்றங்கரை · ஜூன் 25

இதில் எனக்கு உடன்பாடில்லை. அறுபது நாளில் இருபத்திரண்டு போய்விட்டது என்று மேலே ஒருவர் சொல்கிறார். மனசு பக்குவப்படட்டும் என்று இன்னும் பத்து நாள் மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கு நட்டம்? வீடு போனால் மருமகளும் பேரப்பிள்ளைகளும்தான் தெருவில் நிற்க வேண்டும். அவர்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?

வேலந்தாவளம் ஆலோசகர் · ஜூன் 25

உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. மூன்று நாள் கெடு வையுங்கள். அதற்குள் அவரால் முடியவில்லை என்றால் அவரிடம் சொல்லிவிட்டு, அவர் கண் முன்னால், நீங்கள் பிரியுங்கள். அவர் இல்லாத நேரத்தில் பிரித்து ஒட்டி வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

இருமொழி வாத்தியார் · ஜூன் 25

நான் ஆற்றங்கரை பக்கம்தான். சட்டக் கெடு ஓடும் கடிதம் ஒருவருடைய சொந்தக் கடிதம் மட்டும் இல்லை.

தோப்புவீட்டு மருமகள் · ஜூன் 26

இன்று காலை பத்தேகாலுக்கு மாமா பிரித்தார். நான் பக்கத்தில் இருந்தேன், அத்தை சமையலறை வாசலில் நின்றார்கள். கை நடுங்கியது. முதல் பக்கம் ஆங்கிலம், கூடவே மலையாளத்தில் ஒன்று. வாத்தியார் ஐயா சொன்ன அதே "கைப்பற்றி" இருந்தது! மாமா அதில்தான் நின்றார். "வீட்டைக் கைப்பற்றப் போறாங்க கண்ணு" என்றார். கிடைத்த நாளிலிருந்து என்று விளக்கினதும் மூச்சு விட்டார்.

கோவிந்தாபுரம் ஐயா சொன்ன 13(2)தான். மொத்தம் 6,84,000 ரூபாய், 60 நாளுக்குள் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஈடாக எட்டு சென்ட் வீடும் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பும் காட்டியிருக்கிறார்கள். பத்து லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று மாமா நினைத்துக்கொண்டிருந்தாராம். இனி என்ன செய்வது?

கோவிந்தாபுரம் ஓய்வு · ஜூன் 26

முதலில் வங்கியிடம் முழுக் கடன் எவ்வளவு, தவறிய பாக்கி எவ்வளவு என்று இரண்டு தொகைகளை எழுத்துமூலம் கேளுங்கள். நோட்டீஸில் இருப்பது முழுக் கடனும் வட்டியும் சேர்ந்த தொகை. அதில் இதுவரை தவறிய தவணையும் வட்டியும் மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும். அது பெரும்பாலும் மொத்தத்தில் ஒரு பகுதியாகத்தான் இருக்கும். நிலுவை முழுவதையும் கட்டினால் கணக்கை மறுபடி நல்ல கணக்காக மாற்ற ரிசர்வ் வங்கி விதிகளில் இடமுண்டு. முழுக் கடனையும் திரும்பக் கேட்டாகிவிட்ட பிறகு அதற்கு வங்கி சம்மதித்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்காதவருக்கு யாரும் தரப்போவதில்லை.

அடுத்தது ஆட்சேபக் கடிதம். 60 நாளுக்குள் உங்கள் தரப்பை எழுதிக் கொடுத்தால், கிடைத்த 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். ஜூன் 30க்குள் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஜூலை 15க்குள் பதில் வரும். அதற்குப் பிறகும் ஆகஸ்ட் 2க்கு 18 நாள் மீதமிருக்கும். இதையே ஜூலை கடைசியில் எழுதினால் பதில் வருவதற்குள் கெடு முடிந்துவிடும். பீரோவில் கிடந்த 23 நாளின் விலை இதுதான்.

அந்தக் கடிதத்தில் தோப்பைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் செல்லாது, 31ஆம் பிரிவு அதை விலக்கி வைத்திருக்கிறது. காகிதத்தில் விவசாய நிலம் என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் சாகுபடி நடக்கிறதா என்று பார்ப்பார்கள். நில வரி ரசீது, நிலம் உங்கள் கைவசம் இருக்கிறது என்று வில்லேஜ் ஆபீஸில் வாங்கும் கைவச சர்ட்டிபிகேட், தேங்காய் விற்ற கணக்கு எல்லாம் நகல் வையுங்கள். மாமனார் பைசா சுத்தமாக எழுதிய கணக்கு இங்கே உதவும். வீட்டுக்கு இந்த விலக்கு கிடையாது, அதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். தோப்பு தப்பித்தாலும் கடன் தீர்ந்ததாகாது, வங்கி வேறு வழியில் வசூலிக்கப் பார்க்கும்.

அறுபது நாள் முடிந்தவுடன் பெரும்பாலும் யாரும் வீட்டைப் பூட்ட வரமாட்டார்கள். முதலில் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார்கள், இரண்டு பத்திரிகையில் போடுவார்கள். அன்றிலிருந்து 45 நாளுக்குள் எர்ணாகுளம் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வக்கீலுக்கு வசதி இல்லை என்றால் சித்தூரில் தாலுக்கா சட்டப் பணிக் குழுவைப் பாருங்கள், 15100க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. அத்தை கடனில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் பெயரிலேயே கேட்கலாம்.

தோப்புவீட்டு மருமகள் · ஜூன் 27

நன்றிங்க ஐயா. இன்னொன்று சொல்ல வேண்டும். நேற்றுப் பிரித்த பிறகு மாமா தானாகவே எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து இன்னும் நான்கு உறைகளைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் அதே வங்கி, சாதாரணத் தபால், போன வருடத்திலிருந்து சேர்ந்தவை. எதை முதலில் பிரிப்பது?

கோவிந்தாபுரம் ஓய்வு · ஜூன் 27

புதியதை. கடைசியாக வந்ததில் பழைய பாக்கியெல்லாம் ஏற்கனவே அடங்கியிருக்கும். அதைப் பார்த்தால் மற்றவற்றின் சாரம் தெரிந்துவிடும்.

இருமொழி வாத்தியார் · ஜூன் 27

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழையதில் தவணையை மாற்றித் தருவதாகவோ, ஒரே தடவையில் முடித்தால் வட்டி குறைப்பதாகவோ எழுதியிருக்கலாம். எப்போது என்ன சொன்னார்கள் என்பது ஆட்சேபக் கடிதத்துக்கு உதவும். முத்திரைத் தேதிப்படி பழையதிலிருந்து அடுக்குங்கள்.

வேலந்தாவளம் ஆலோசகர் · ஜூன் 27

எந்த வரிசையானாலும் ஒரு நாளைக்கு ஒன்று என்று வையுங்கள், தங்கச்சி. நான்கையும் ஒரே மூச்சில் பிரித்து இரவெல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. பிரிக்காமலே இருந்தவர் திடீரென்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கத் தொடங்குவது உண்டு, அதுவும் அதே பயம்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். சாப்பாடு குறைவது, விடியற்காலையில் விழித்து உட்கார்ந்திருப்பது, "நான் போய்ச் சேர்ந்தால் கடன் தீரும்" என்பது போன்ற பேச்சு வருவது, இவற்றில் எது தெரிந்தாலும் தனியாக விடாதீர்கள். கேரளத்தில் திஷா 1056, இல்லையென்றால் டெலி மானஸ் 14416. 14416இல் தமிழிலும் பேசலாம். அவர் வெட்கப்பட்டால் நீங்களே அழைத்து என்ன செய்வதென்று கேட்கலாம்.

நாட்டுக்கல் 77 · ஜூன் 27

திங்கள் பதினொரு மணிக்கு டாக்டரிடம் டோக்கன் எடுத்துவிட்டேன். பி.டி.எஃப். இன்னும் ஆர்க்கைவில்தான் இருக்கிறது.

தோப்புவீட்டு மருமகள் · ஜூன் 28

ஒன்று பிரித்தாகிவிட்டது. மாமா பழையதிலிருந்தே தொடங்கினார். அதில் தவணையை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது, அதற்கான கடைசி நாள் போன வருடமே முடிந்துவிட்டது. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கணக்கு நோட்டை எடுத்து, தேங்காய் விற்ற பக்கங்களில் பென்சிலால் குறி போட ஆரம்பித்தார். திங்கள்கிழமை வங்கிக்கு இருவரும் போகிறோம். அந்த இரண்டு தொகைகளைக் கேட்கும் கடிதத்தை யாராவது பார்த்துத் திருத்திக் கொடுக்க முடியுமா?

இருமொழி வாத்தியார் · ஜூன் 28

தனி மடலில் அனுப்புங்கள் அம்மா, கணக்கு எண்ணை மறைத்துவிட்டு. ஆங்கிலப் படியும் எழுதித் தருகிறேன்.